மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் தினசரி வழக்குப் பட்டியல்: நிமிடக் கணக்கில் போடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தபோது பட்டியல் போடுவது என் வேலை. இப்போது பக்கத்து மாவட்டங்களிலிருந்து புதிதாக அந்த நாற்காலிக்கு வருகிறவர்கள் போன் செய்கிறார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். வக்கீல்களும் சில கேட்பார்கள், அவர்கள் கேட்கும் தொனி மட்டும் வேறு. எல்லாவற்றையும் அவரவர் கேட்டபடியே இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணக் கணக்கில் வரும் நிமிடங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஆணையத்துக்கு உரியதை நீங்கள்தான் அளக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு எத்தனை வழக்கு போடலாம்? ஒரு எண்ணைச் சொல்லுங்கள்.

எண்ணைச் சொன்னால் தப்பாகிவிடும். நோட்டீஸ் திரும்பியதா என்று பார்க்கிற வழக்கு மூன்று நிமிடம். இன்சூரன்ஸ் க்ளெய்ம் வழக்கில் இறுதி வாதம் முக்கால் மணி நேரம். பட்டியலில் இரண்டும் ஒரு வரிதான். முப்பது வரி போட்ட நாள் பன்னிரண்டு மணிக்கே முடிவதும், பதினைந்து வரி போட்ட நாள் மாலை வரை இழுப்பதும் இதனால்தான்.

கையில் இருப்பது எத்தனை நிமிடம் என்று முதலில் பாருங்கள். 2020-ம் ஆண்டு நுகர்வோர் ஆணைய நடைமுறை ஒழுங்குமுறைகளின்படி விசாரணை நேரம் காலை 10.30 முதல் 1.00 வரை, பிறகு 2.00 முதல் 4.00 வரை. காலையில் 150, மதியம் 120, ஆக 270 நிமிடம். பட்டியல் இந்த 270-க்குள் அடங்க வேண்டும். அதற்குள் எத்தனை வரி வந்தாலும் சரி.

எந்த வழக்குக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

தனி வழக்குக்குத் தெரியாது. வகைக்குத் தெரியும். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து நான்கு கோடு போடுங்கள்: வழக்கு எண், அழைத்த நேரம், எந்தக் கட்டம், என்ன நடந்தது. இருபது அமர்வு நாள் எழுதினால் போதும். முடிந்த நேரத்தைத் தனியாக எழுத வேண்டியதில்லை. அடுத்த வழக்கை அழைத்த நேரம்தான் இந்த வழக்கு முடிந்த நேரம்.

இது முக்கியம். வழக்குக் கட்டைத் தேடுவது, வக்கீல் வராந்தாவிலிருந்து உள்ளே வருவது, தலைவர் முந்தைய வழக்கின் குறிப்பை எழுதி முடிப்பது எல்லாம் யாருடைய கணக்கிலும் வராத நேரம். வாதம் நடந்த நேரத்தை மட்டும் அளந்தால் நாளின் முடிவில் முக்கால் மணி நேரம் எங்கே போனது என்று தெரியாமல் விழிப்பீர்கள்.

வகைகளும் நிறைய வேண்டாம். நான் நான்கே வைத்திருந்தேன். ஒன்று கால் ஒர்க். நோட்டீஸ், வக்காலத்து, பதிலுரை, நிரூபண வாக்குமூலம் தாக்கல் எல்லாம் அதில் அடங்கும். அடுத்து புதிய புகாரை ஏற்பது பற்றிய விசாரணை. அப்புறம் இடைக்கால மனு, இறுதி வாதம். நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியம் பெரும்பாலும் வாக்குமூலமாகவே வந்துவிடுவதால், சிவில் கோர்ட் போல நாள் முழுக்கக் குறுக்கு விசாரணை என்ற தொல்லை இல்லை. அப்படி ஒன்று வந்தால் அந்த நாளைத் தனியாகக் கணக்கிடுங்கள்.

நோட்டுப் போட்டாயிற்று. பத்து இடைக்கால மனுவில் பாதிக்கு மேல் 12 நிமிடத்தில் முடிந்திருக்கிறது. அப்படியானால் 12 என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. பெரும்பாலானவர்கள் விழுகிற குழி இது. பத்து மனுவுக்கு ஆன நேரம் இப்படி என்று வையுங்கள்: 8, 9, 10, 10, 11, 12, 12, 14, 30, 44. வழக்கமாக என்ன ஆகிறது என்று கேட்டால் எல்லோரும் பதினொன்று, பன்னிரண்டு என்பார்கள். ஆனால் மொத்தம் 160 நிமிடம், அதாவது சராசரி 16. ஆறு மனுவைப் போட்டு, ஒன்றுக்கு பதினொன்றரை நிமிடம் என்று கணக்கிட்டால் 69 வரும். சராசரிப்படி 96. பட்டியல் போடும்போதே 27 நிமிடம் கடன்.

வழக்கு சீக்கிரம் முடிந்தால் நான்கைந்து நிமிடம்தான் மிச்சமாகும். நீண்டால் அரை மணி நேரம் போய்விடும். அதனால் கூட்டல் போடச் சராசரியைத்தான் எடுக்க வேண்டும். மனதில் பதிந்திருக்கும் ‘வழக்கமான’ நேரம் எப்போதும் குறைவாகவே இருக்கும்.

சராசரியில் போட்டாலும் பாதி நாள் தாண்டிவிடுகிறதே?

ஆமாம், அதற்குத்தான் கையிருப்பு நேரம். ஒவ்வொரு வகைக்கும் இன்னொரு எண்ணை நோட்டிலிருந்து எடுங்கள்: பத்தில் ஒன்பது முறை எத்தனை நிமிடத்துக்குள் முடிந்தது? அதிலிருந்து சராசரியைக் கழித்தால் வருவதை நான் இழுப்பு என்று சொல்வேன். மேலே சொன்ன மனுக்களில் பத்தில் ஒன்பது 30 நிமிடத்துக்குள் முடிந்திருக்கிறது. சராசரி 16, எனவே இழுப்பு 14.

அப்படியானால் ஒவ்வொரு வழக்குக்கும் அந்த இழுப்பையும் சேர்த்துப் போட்டால் பத்திரம்தானே?

பத்திரம்தான், ஆனால் மதியம் வெறும் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். எல்லா வழக்கும் ஒரே நாளில் மோசமாகப் போவதில்லை. ஒன்று நீளும், இரண்டு சுருங்கும். அதனால் கையிருப்பை வழக்குக்கு வழக்கு பிரித்துக் கொடுக்காமல், நாளுக்கு ஒன்றாகச் சேர்த்து வைக்க வேண்டும். அதன் அளவு, இழுப்புகளின் வெறும் கூட்டல் அல்ல. ஒவ்வொரு இழுப்பையும் வர்க்கப்படுத்தி, கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஒரு நாளைப் போட்டுப் பார்ப்போம்.

| வகை | எண்ணிக்கை | சராசரி | இழுப்பு |
|---|---|---|---|
| கால் ஒர்க் | 16 | 3 | 2 |
| புகார் ஏற்பு | 2 | 10 | 8 |
| இடைக்கால மனு | 2 | 16 | 14 |
| இறுதி வாதம் | 3 | 40 | 25 |

சராசரிகளைக் கூட்டினால் 48, 20, 32, 120, ஆக 220 நிமிடம். இழுப்புகளை அப்படியே கூட்டினால் 151. இரண்டும் சேர்ந்தால் 371, நாளில் அடங்காது. வர்க்கக் கணக்கில் 64, 128, 392, 1875, மொத்தம் 2459. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 50. ஆக 220-உம் 50-உம் சேர்ந்து 270. நாள் சரியாக நிரம்பியது.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். 2459-இல் 1875 அந்த மூன்று இறுதி வாதங்களுடையது. பதினாறு கால் ஒர்க் சேர்ந்து வெறும் 64. நாளைக் கெடுப்பது பட்டியலின் நீளம் என்று நினைத்து கால் ஒர்க்கை வெட்டுகிறவர்கள் உண்டு. வெட்டினால் நேரம் மிச்சமாகும், நிச்சயமின்மை குறையாது. அதைக் குறைக்க வேண்டுமென்றால் இறுதி வாதத்தைத்தான் தொட வேண்டும். இரு தரப்பிடமும் எழுத்துமூல வாதத்தை முன்பே வாங்கி தலைவர் மேஜையில் வைத்துவிட்டால், இழுப்பு கண்கூடாகக் குறையும்.

வர்க்கமூலம் எல்லாம் தினமும் யார் போடுவது?

கணினியில் ஒரு தாள் போதும். மேலே உள்ள அட்டவணையை A1 கட்டத்தில் தொடங்கி அப்படியே அடித்து, ஏதாவது ஒரு வெற்றுக் கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=SUMPRODUCT(B2:B5,C2:C5)+SQRT(SUMPRODUCT(B2:B5,D2:D5^2))
```

விடை 270-ஐத் தாண்டினால் ஒரு வழக்கைக் குறையுங்கள். எண்ணிக்கை பத்தியை மட்டும் மாற்றினால் போதும். மற்ற இரண்டு பத்தியையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டைப் பார்த்துத் திருத்துங்கள். தலைவர் மாறினால் உடனே திருத்துங்கள். ஒருவர் கேள்வி கேட்டே வாதத்தைச் சுருக்குவார், இன்னொருவர் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் பேசுவார். பழைய எண்கள் அங்கே செல்லாது.

அந்த 50 நிமிடத்தை நாளில் எங்கே வைப்பது?

கடைசியில். மேலே உள்ள நாளை நேரத்தில் வைத்துப் பாருங்கள். கால் ஒர்க் 10.30-க்குத் தொடங்கி 11.18 வரை. புகார் ஏற்பு 11.38 வரை, மனுக்கள் 12.10 வரை. முதல் இறுதி வாதம் 12.50-க்கு முடியும். சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் மிச்சம். மதியம் 2.00-க்கு இரண்டாவது வாதம், 2.40-க்கு மூன்றாவது, 3.20-க்கு முடிவு. பிறகு 40 நிமிடம் காலி.

காலையில் கையிருப்பு பத்துதானே, போதாதே என்று தோன்றும். காலை மட்டும் தனியாகக் கணக்கிட்டால் 35 வேண்டும், உண்மைதான். ஆனால் காலையில் கடைசியாக நிற்பது ஓர் இறுதி வாதம். அது 1.00 மணியைத் தொட்டால் அப்படியே நிறுத்தி 2.00 மணிக்கு அதே இருவர் தொடரலாம், ஒன்றும் நஷ்டமில்லை. காலையில் சிந்தியதை மதியத்தின் 40 வாங்கிக்கொள்ளும். சாப்பாட்டுக்கு முன் ஒன்று, தேநீருக்கு முன் ஒன்று என்று கையிருப்பைத் துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டும் போதாமல் போகும்.

சிறிய வேலை முதலில், பெரிய வேலை பிறகு என்ற வரிசைக்கும் இதுதான் காரணம். பதினாறு பேர் ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நீளக்கூடியது நீளும்போது காத்திருப்பவர்கள் நான்கைந்து பேர்தான்.

கையிருப்பு மிஞ்சினால்? சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மேலிடத்தில் கேட்க மாட்டார்களா?

மிஞ்சிய நாளில் தலைவர் உத்தரவு சொல்லி எழுத வைப்பார். அது இல்லாமல் எந்த ஆணையமும் ஓடாது. வாதம் முடிந்து உத்தரவுக்காகக் காத்திருக்கும் கட்டுகளை, மதியம் கையெட்டும் தூரத்தில் வைத்திருங்கள். அந்த 40 நிமிடத்தில் வழக்கு போடக் கூடாது, ஆள் வரத் தேவையில்லாத வேலையைப் போடலாம். முழுதாக வேண்டுமானாலும் பாதியில் வேண்டுமானாலும் விடக்கூடிய வேலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று இறுதி வாதம் போட்டால் ஒன்றுக்கு எப்படியும் வாய்தா கேட்டுவிடுவார்கள். அதனால் ஐந்து போடுகிறோம். இது சரியா?

இழுப்பும் வாய்தாவும் வேறு வேறு. ஒன்றை மற்றது ஈடுகட்டிவிடும் என்று விட்டுவிட முடியாது. மூன்றில் ஒன்று நடக்காமல் போகும் என்று உங்கள் நோட்டும் சொல்கிறது என்று வைப்போம். மூன்று போட்டால், மூன்றும் நடப்பது பத்தில் மூன்று நாள்தான். அதனால் கூடுதலாகப் போடத் தோன்றுவது நியாயமே. ஆனால் ஐந்து போட்டால், நான்கோ ஐந்தோ நடக்கத் தயாராக வந்து நிற்பது கிட்டத்தட்ட இரண்டு நாளுக்கு ஒருமுறை. ஒவ்வொன்றும் 40 நிமிடம். கையிருப்பு முழுவதும் அதிலேயே போய், சாதாரண இழுப்புக்கு ஒன்றும் இருக்காது.

நான்கு போடுங்கள். அப்போது மூன்றாவது நடப்பது பத்தில் ஆறு நாளாகக் கூடும். நான்கும் தயாராக வருவது ஐந்து நாளில் ஒருமுறைதான். அந்த நான்காவதைப் பட்டியலிலேயே ‘நேரமிருந்தால்’ என்று குறித்து, இரு வக்கீலிடமும் சொல்லிவிடுங்கள். அது உள்ளூர் வக்கீல்களின் வழக்காக இருக்கட்டும். பஸ் ஏறி வரும் முறையீட்டாளரை அந்த இடத்தில் வைப்பது அநியாயம்.

முந்தின நாள் மாலை உட்கார்ந்து பட்டியல் போட நேரமே போதவில்லை.

முந்தின நாள் மாலை போட எதுவும் இருக்கக் கூடாது. ஒழுங்குமுறைகளின்படியே அடுத்த வாரம் முழுவதற்குமான பட்டியல் இந்த வாரம் அலுவலகம் மூடுவதற்குள் தயாராகிப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். உண்மையில் அதுவும் தாமதம்தான். இன்று மன்றத்தில் ‘வாய்தா 18-ம் தேதி’ என்று சொல்லும்போதே 18-ம் தேதியின் பட்டியல் உருவாகிக்கொண்டிருக்கிறது.

அதனால் டைரியில் ஒவ்வொரு தேதிக்கும் மூலையில் எண்ணிக்கை எழுதுங்கள்: இறுதி வாதம் 3, மனு 2. நிரம்பிய தேதியைச் சுற்றி வட்டம் போடுங்கள். வட்டம் போட்ட தேதியை வக்கீல் கேட்டால் அடுத்த தேதியைச் சொல்லுங்கள். நான் இதைத் தொடங்கிய முதல் மாதம், ‘கிளார்க் தேதி தர மறுக்கிறார்’ என்று பேச்சு வந்தது. அந்த மாதத்தின் மூன்றாவது வாரத்திலேயே ஒருவர், போட்ட நாளில் வாதம் நடந்ததே என்று ஆச்சரியப்பட்டுப் போனார்.

புதிய புகார்கள் எப்போது எத்தனை வரும் என்று தெரியாதே, அவற்றுக்கு எப்படி இடம் வைப்பது?

நிரம்பாத இடமாகத் தினமும் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். 2019-ம் ஆண்டுச் சட்டத்தின் 36-வது பிரிவு, புகாரை ஏற்பதா என்பதை 21 நாளுக்குள் முடிவு செய்யச் சொல்கிறது. முடிவு செய்யாவிட்டால் ஏற்றதாகவே ஆகிவிடும். பட்டியலில் இடமில்லை என்பதற்காக, தகுதியில்லாத புகார் தானாக ஏற்கப்பட்டுவிடக் கூடாது. அந்த இரண்டு இடத்துக்கு அடுத்த வாரத்தில் ஆள் வராவிட்டால், வாரப் பட்டியல் ஒட்டும் நாளில் கால் ஒர்க்குக்குக் கொடுங்கள்.

பதிலுரைக்கான வாய்தாவும் இப்படித்தான். எதிர்தரப்பினருக்கு 30 நாள், கூடுதலாக அதிகபட்சம் 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச்சில் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே பட்டியல் நெருக்கடியைக் காரணம் காட்டி இந்த வாய்தாவைத் தள்ளிப் போடுவதில் யாருக்கும் லாபமில்லை. மூன்று நிமிட வேலைதான், கெடு முடிந்த மறுவாரமே போட்டுவிடுங்கள்.

கணக்குப்படிதான் போட்டோம். ஆனாலும் நேற்று முழு நாளும் கவிழ்ந்தது. கணக்கு பொய்யா?

வர்க்கமூலக் கணக்குக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. வழக்குகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நீள வேண்டும். மூன்று இறுதி வாதத்திலும் ஒரே இன்சூரன்ஸ் கம்பெனி, ஒரே வக்கீல் என்றால், அவர் பக்கத்து சப்-கோர்ட்டில் மாட்டிக்கொண்ட ஒரே காரணத்தால் மூன்றும் தாமதமாகும். அப்போது அந்த மூன்றின் இழுப்பையும் நேராகக் கூட்ட வேண்டும். 25 மூன்று முறை, அதாவது 75. அதை வர்க்கப்படுத்தி மற்றவற்றின் 584-உடன் சேர்த்தால் 6209, வர்க்கமூலம் 79. தேவை 50 அல்ல, 79.

எனவே ஒரே வக்கீலின் இறுதி வாதங்களை ஒரே நாளில் அடுக்காதீர்கள். அவர்களே வந்து, ‘எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டுடுங்க சார், ஒரு தடவை வந்தா போதும்’ என்பார்கள். கால் ஒர்க்குக்குச் சரி என்று சொல்லலாம். இறுதி வாதத்துக்கு ஒரு நாளில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

வாய்தாவிலும் இதே சிக்கல் உண்டு. வக்கீல்கள் பணிப் புறக்கணிப்பு என்றால் மூன்றில் ஒன்று அல்ல, மொத்தமும் போய்விடும். அந்த நாளை நோட்டின் சராசரியில் சேர்க்காதீர்கள், தனியாக எழுதி வையுங்கள். சேர்த்தால் வாய்தா விகிதம் ஏறிக் காட்டும். அதை நம்பி ஐந்து வாதம் போடத் தொடங்கிவிடுவீர்கள்.

மூன்றாவது வாதத்தைத் தொடங்கலாமா, வாய்தா கொடுத்துவிடலாமா என்று எந்த நேரத்தில் முடிவெடுப்பது?

4.00 மணியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சராசரி 40, பத்தில் ஒன்பது முறை 65-க்குள் முடியும். எனவே 2.55-க்குள் தொடங்கினால் கவலையில்லை. 3.20-க்குப் பிறகு தொடங்கினால் பாதியில் நிற்கத்தான் வாய்ப்பு அதிகம். பாதியில் நின்ற வாதத்துக்கு வேறு நாளில் மறுபடி முதலிலிருந்து நினைவுபடுத்தவே கால் மணி நேரம் போகும். இடைப்பட்ட நேரத்தில் தலைவரிடம் கேளுங்கள், வழக்கின் கனத்தை அவர் அறிவார்.

3.20 தாண்டும் என்று 2.30-க்கே தெரிந்துவிட்டால் அப்போதே எழுந்து சொல்லிவிடுங்கள். நான்கு மணி வரை உட்கார வைத்துவிட்டு வாய்தா கொடுப்பதுதான் ஆட்களைக் கோபப்படுத்துகிறது. இப்படித் தள்ளிய வழக்குக்கு அடுத்த தேதியில் இறுதி வாதங்களில் முதல் இடம். அதை டைரியில் சிவப்பு மையில் எழுதுங்கள், மறந்துவிடும்.

தலைவரோ உறுப்பினரோ திடீர் விடுப்பு என்றால்?

சட்டப்படி தலைவரும் குறைந்தது ஓர் உறுப்பினரும் சேர்ந்து அமர வேண்டும். இரண்டு உறுப்பினரில் ஒருவர் வராவிட்டால் பட்டியல் அப்படியே ஓடும். தலைவர் இல்லையென்றால் எதுவும் ஓடாது, எல்லாவற்றுக்கும் தேதி மட்டுமே. அந்த 23 வழக்கையும் மறுநாள் பட்டியலின் தலையில் கொட்டிவிடக் கூடாது. கால் ஒர்க்கை அடுத்த ஐந்தாறு நாளில் பரப்புங்கள். மூன்று இறுதி வாதத்தை வட்டம் போடாத தேதிகளில் ஒவ்வொன்றாக வையுங்கள். தாளில் எண்ணிக்கையை மாற்றி 270 தாண்டவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடியோவில் ஆஜராகிறவர்களை எங்கே செருகுவது?

2.00 மணிக்கு. நாளில் நிச்சயமாகச் சொல்லக்கூடிய நேரம் இரண்டுதான், 10.30-உம் 2.00-உம். 10.30-இல் கால் ஒர்க் கூட்டம் இருக்கும். இணைப்பு கிடைக்க ஐந்து நிமிடம் ஆனால் அதுவும் அந்த வழக்கின் நேரம்தான், நோட்டில் அப்படியே எழுதுங்கள்.